மூணு ஒஃபர் கையில இருக்கிற பிள்ளையை எப்படி எடுக்கிறது?

ஹட்டன்_மென்பொருள்:
ஹட்டன்ல 11 பேர் வேலை செய்யிற சின்ன சொஃப்ட்வெயார் கம்பெனி நடத்துறேன். சீனியர் டெவலப்பர் இடத்துக்கு பொகவந்தலாவைப் பிள்ளை ஒண்ணு வந்திருக்காங்க, நல்ல கெட்டிக்காரி. அவங்க வரலைன்னா எடுக்க இரண்டாவது ஆள் ஒருத்தரும் இருக்கார். நாங்க 260,000 ரூபா சொல்ல நினைச்சோம், ஆகக் கூடினா 280,000. கொழும்பு கம்பெனி ஒண்ணு 320,000-க்கு லெட்டர் குடுத்து, வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேட்டிருக்கு. சிங்கப்பூர் கம்பெனியோட கடைசி இன்டவியூ அடுத்த புதன். எங்ககிட்ட ஏற்கனவே இருக்கிற சீனியர் பையனுக்கு 265,000. சம்பளத்தை ஏத்தவா, கெடு வைக்கவா?

கம்பளை_வர்த்தகர்:
கெடு வைங்க. 280,000 சொல்லி, நாளைக்கு இதே நேரத்துக்குள்ள பதில் வேணும்னு சொல்லிடுங்க. உங்க லெட்டரைக் காட்டி அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட ஏத்துவாங்க, அவன் லெட்டரைக் காட்டி உங்ககிட்ட ஏத்துவாங்க. இடையில உங்ககிட்ட வந்த இரண்டாவது ஆளும் வேற இடத்துக்குப் போயிடுவான். விருப்பம் இருக்கிறவங்க ஒரு நாள்ல முடிவு எடுப்பாங்க.

கொட்டகலை_அக்கா:
கொழும்புல ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக்குடுக்கிற வேலைதான் நான் ரொம்ப காலமா பார்த்தது. தம்பி, கெடுவையும் சம்பளத்தையும் பேசுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அந்த 320,000 லெட்டர்ல பேஸிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு? அந்தப் பிள்ளை உங்ககிட்ட சொன்னாங்களா?

ஹட்டன்_மென்பொருள்:
அவங்களாவே சொன்னாங்க அக்கா. பேஸிக் 180,000. மிச்சம் 140,000 பயணப்படி, ஊக்கத்தொகைன்னு பிரிச்சிருக்கு. ஈ.பி.எஃப் பேஸிக்குக்கு மட்டும்தான். எங்க சம்பளம் முழுக்க பேஸிக்.

கொட்டகலை_அக்கா:
அப்படின்னா கணக்கு வேற மாதிரி. 2025 ஏப்ரலுக்குப் பிறகு மாசம் 150,000 வரைக்கும் வரி இல்லை, அதுக்கு மேல 6 வீதத்துல தொடங்கி படிப்படியா ஏறும். கொழும்பு லெட்டர்ல வரியும் அவங்க பக்கத்து 8 வீத ஈ.பி.எஃப்-பும் கழிச்சா கைக்கு வர்றது 282,100. உங்க 280,000-ல 243,900. கையில 38,200 குறைவு. ஆனா ஈ.பி.எஃப் 8-உம் 12-உம், ஈ.டி.எஃப் 3-உம் சேர்த்து அவங்க பேர்ல மாசம் சேர்றது உங்ககிட்ட 64,400, அங்க 41,400. இதையும் சேர்த்துப் பார்த்தா உண்மையான இடைவெளி 15,200. கொழும்புல போர்டிங் வாடகை, சாப்பாடு, லீவுக்கு ஊர் வந்து போற செலவு எல்லாம் அதுக்கு மேல.

இதை நீங்க வாயால வாதாட வேணாம். ஒரு தாள்ல இரண்டு லெட்டரையும் பக்கத்துல பக்கத்துல எழுதி, கொழும்புச் செலவுக்கான இடத்தை வெறுமையா விட்டுக் குடுங்க. அதை அவங்களே நிரப்பட்டும். நீங்களே "கொழும்புல 60,000 செலவாகும்"னு எழுதினா, அவங்க மாமா வீட்டுல சும்மா தங்கப்போறாங்கன்னா உங்க தாள் முழுக்கப் பொய்யாயிடும்.

நானுஓயா_கோடர்:
அக்கா, கணக்கு சரி. ஆனா ஈ.பி.எஃப் காசை ஆம்பிளைக்கு 55, பொம்பிளைக்கு 50 வயசுலதானே முழுசா எடுக்கலாம். கல்யாணம், வீட்டுக்கடன்னு சில வழி இருக்கு, ஆனாலும் 26, 27 வயசுப் பிள்ளைக்கு இன்னைக்குக் கையில வர்ற 38,200-தான் கண்ணுக்குத் தெரியும். வீட்டுல தம்பி தங்கச்சி படிக்குதுன்னா இன்னும் மோசம். இடைவெளி 15,200-தான்னு அவங்ககிட்ட சொன்னா, நம்மளை ஏமாத்தப் பார்க்கிறாங்கன்னு நினைப்பாங்க.

கொட்டகலை_அக்கா:
நீங்க சொல்றது நியாயம். அதனாலதான் இரண்டு வரியா எழுதச் சொல்றேன். கைக்கு வர்றது ஒரு வரி, சேர்றது இன்னொரு வரி. எது முக்கியம்னு அவங்க சொல்லட்டும்.

எல்ல_ஹோட்டல்காரர்:
இந்தக் காலத்துப் பிள்ளைங்க நிக்கமாட்டாங்க. என் ஹோட்டல்ல குக் ஒருத்தரைப் பழக்கி எடுத்தேன், சீசன் தொடங்கிறப்போ மாலைதீவுக்குப் போயிட்டாரு. அங்க டொலர்ல சம்பளம், அதுக்கு மேல சேர்விஸ் சார்ஜ். நான் இப்ப எல்லாருக்கும் இரண்டு வருஷ பாண்ட் போடுறேன். நீங்களும் போடுங்க.

கொட்டகலை_அக்கா:
அண்ணே, உங்க பிரச்சினை வந்த ஆள் நிக்கிறது. இவர் கேக்கிறது வராத ஆளை வர வைக்கிறது. மூணு கதவு திறந்திருக்கிற பிள்ளைக்கிட்ட பாண்டை நீட்டினா, பாண்ட் இல்லாத கதவைத்தான் பார்க்கும்.

கம்பளை_வர்த்தகர்:
அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க? 320,000 குடுத்துத் தொலைக்கிறதா?

கொட்டகலை_அக்கா:
இல்லை. 320,000 குடுக்கக் கூடாது, அதுக்குக் காரணம் அந்தப் பிள்ளை இல்லை, ஏற்கனவே இருக்கிற பையன். 280,000-க்கு எடுத்தாலே, தம்பி, 265,000 வாங்குற உங்க பையனை அதே மாசம் 280,000-க்கு ஏத்தணும். சின்ன ஒஃபிஸ்ல சம்பளம் ஒளிஞ்சு கிடக்காது. இப்ப 320,000-ன்னு வச்சா இரண்டு பேருக்கும் 40,000 கூடும், அதோட உங்க பக்கத்து 12-உம் 3-உம் சேரும். மாசம் 92,000, வருஷத்துக்கு 11 லட்சம் மேல. ஒரே ஒரு ஆளை வெல்லப் போய் வருஷாவருஷம் கட்டுற செலவு அது. பேஸிக்கை ஒருதரம் ஏத்தினா இறக்க முடியாது.

ஒருதரம் மட்டும் வர்ற நட்டம் இருந்தா அது வேற. இப்ப இருக்கிற கம்பெனியை டிசம்பர் போனஸுக்கு முன்னாடி விட்டு வர்றாங்களா? நோட்டீஸ் காலத்தைக் குறைக்கக் காசு கட்டச் சொல்றாங்களா? அந்தத் தொகையை மட்டும் ஒருதரம் குடுங்க. சேர்றப்போ குடுக்கிற காசு, மாசச் சம்பளத்துல வராது, பையனோட கணக்கையும் குழப்பாது. ஒரு வருஷத்துக்குள்ள போனா மிச்ச மாசங்களுக்கு ஏத்த மாதிரி திருப்பித் தரணும்னு லெட்டர்லயே எழுதிடுங்க.

எல்ல_ஹோட்டல்காரர்:
அதுவும் பாண்ட்தானே?

கொட்டகலை_அக்கா:
வாங்கின காசை மாசாமாசம் குறைச்சுக்கிட்டு வர்றது ஒண்ணு. வாங்காத காசுக்குத் தண்டம் கட்டுறது இன்னொண்ணு. ஆனா அதை முதல்லயே சொல்லாம, கையெழுத்து வைக்கிற நாள்ல காட்டினா நீங்க சொல்றதுதான் சரியாகும்.

நானுஓயா_கோடர்:
கெடுவைப் பத்தி என் கதையைச் சொல்றேன். ஒரு கம்பெனி சாயந்தரம் ஆறு மணிக்குக் கூப்பிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்குள்ள சொல்லணும்னாங்க. அந்த வாரம் வேற இன்டவியூ ஒண்ணு இருந்துச்சு, அதுக்குப் போக விடலை. பயத்துல கையெழுத்து வச்சேன். முதல் நாள்ல இருந்தே வேற இடம் தேடினேன், ப்ரொபேஷன் முடியிறதுக்குள்ள வந்துட்டேன். அவங்களுக்கும் நட்டம், எனக்கும் நட்டம். அந்த இன்டவியூவை முடிச்சிட்டு வான்னு சொல்லியிருந்தா, மனசோட வந்திருப்பேன்.

கம்பளை_வர்த்தகர்:
உங்க கதை சரி தம்பி. ஆனா புதன்கிழமை வரைக்கும் காத்திருந்து, சிங்கப்பூர்காரன் எடுத்துட்டான்னா? இரண்டாவது ஆளும் போயிட்டான்னா? ஹட்டன்ல இந்த வேலைக்கு எத்தனை பேர் கிடைப்பாங்க? அந்த அபாயத்தை யாரும் பேசலை.

கொட்டகலை_அக்கா:
இங்க இவர் சொல்றதுல விஷயம் இருக்கு. கெடு வைக்கலாம், ஆனா அதுக்குப் பின்னால உண்மையான காரணம் இருக்கணும், அந்தக் காரணத்தை அவங்ககிட்ட சொல்லணும். "இன்னொருத்தர் காத்திருக்கார், அவருக்கு வியாழக்கிழமை பதில் சொல்லணும்"னா அது உண்மை. புதன் இன்டவியூ முடிஞ்சு ஒரு நாள் அவகாசமும் கிடைக்குது. இரண்டாவது ஆளுக்கும் அதையே சொல்லுங்க, "உங்களுக்கு முன்னால ஒருத்தர் இருக்கார், வியாழன் பின்னேரம் தெரியும்"னு. அவர் அதுக்குள்ள போனா போகட்டும். பொய் சொல்லி நிறுத்தி வச்சா, இந்த மலையில நாலு ஊருக்குள்ள பேச்சு பரவிடும்.

கொழும்புக்காரங்களோட வெள்ளிக்கிழமையும் கல்லுல எழுதினது இல்லை. "அடுத்த வியாழன் வரைக்கும் தர முடியுமா"ன்னு அவங்களைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்க. நிறைய கம்பெனி குடுக்கும். முடியவே முடியாதுன்னா, அதை வச்சு அவங்க என்ன நினைக்கணுமோ நினைக்கட்டும், நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க.

நானுஓயா_கோடர்:
சிங்கப்பூர்காரங்க தர்றது கொன்ட்ராக்ட்டா, வேலையா? கொன்ட்ராக்ட்னா ஈ.பி.எஃப் இல்லை, லீவு இல்லை. ஆனா டொலர். அந்தக் கணக்குக்கு முன்னால 280,000 நிக்காது.

ஹட்டன்_மென்பொருள்:
கொன்ட்ராக்ட்னுதான் சொன்னாங்க. தொகை இன்னும் தெரியாது. அக்கா, 280,000-ஐ இப்பவே சொல்லவா, இல்ல 260,000-ல தொடங்கவா?

கொட்டகலை_அக்கா:
நீங்க எப்படியும் 280,000 குடுக்கத் தயார். 260,000 சொல்லி, அவங்க கொழும்பு லெட்டரைக் காட்டின பிறகு ஏத்தினா, இன்னொரு லெட்டர் காட்டினா இன்னும் ஏறும்னு நீங்களே பழக்கிவிடுறீங்க. முதல்லயே 280,000, இதுதான் எங்க உச்சம், காரணம் இதுன்னு சொல்லுங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: "கொழும்புச் சம்பளத்தை நாங்க தரமாட்டோம். அதை ஒதுக்கி வச்சா, இங்க வர்றதுக்கு வேற என்ன தடை?" அவங்க வேலையைப் பத்தி, யாரோட வேலை செய்யணும்னு எல்லாம் கேட்டா மனசுல இடம் இருக்கு. ஒவ்வொருதரமும் ஒண்ணுக்கு ஒத்துக்கிட்ட பிறகு புதுசா இன்னொண்ணு வந்துக்கிட்டே இருந்தா, வரமாட்டாங்க. அப்ப நிறுத்திடுங்க.

கம்பளை_வர்த்தகர்:
உச்சத்தை முதல்லயே சொல்றதை நான் ஒத்துக்கமாட்டேன். பேரம் பேசுறவங்களுக்குக் கொஞ்சம் இடம் வேணும். ஒரு ரூபா கூட ஏத்தலைன்னா தோத்த மாதிரி நினைப்பாங்க.

கொட்டகலை_அக்கா:
அப்படி நினைக்கிறவங்களும் இருக்காங்க, மறுக்கலை. அவங்களுக்குச் சம்பளத்துல இல்லாம வேறெதுலயாவது இடம் விடலாம்: சேர்ற தேதி, வீட்டுல இருந்து வேலை செய்யிற நாள்.

ஹட்டன்_மென்பொருள்:
இன்னைக்குப் பேசினேன். அந்தக் கேள்வியைக் கேட்டேன். சம்பளத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. "கொழும்புல என்னை விட அனுபவம் கூடின நாலஞ்சு பேர் இருக்காங்க, அவங்க என் கோடைப் பார்த்துத் திருத்துவாங்க. இங்க நானும் அந்த அண்ணனும்தானே"ன்னு கேட்டாங்க. என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. தினமும் ஹட்டன் வர பஸ் பிரச்சினை, வாரத்துல இரண்டு நாள் வீட்டுல இருந்தே செய்யலாமான்னும் கேட்டாங்க, ஆனா அவங்க தோட்டத்துல சிக்னல் சரியில்லை.

நானுஓயா_கோடர்:
நானும் கொழும்புக்குப் போனது இதுக்காகத்தான். சம்பளம் இரண்டாவது.

கொட்டகலை_அக்கா:
சிக்னலுக்கு இணைப்பை நீங்க போட்டுக் குடுங்க, அது சின்ன செலவு. மற்றதுக்குக் காசு ஈடாகாது. வெளியில இருக்கிற அனுபவசாலி ஒருத்தரை மாசத்துல சில மணி நேரத்துக்கு எடுத்து கோட் ரிவியூ செய்ய வைக்க உங்களால முடியுமா? முடியும்னா ஆளை முதல்ல பேசி வச்சிட்டு, வியாழனுக்கு முன்னால அவங்களோட ஒருதரம் பேச விடுங்க. முடியாதுன்னா, "அது எங்ககிட்ட இல்லை, கொழும்புல இருக்கு"ன்னே சொல்லுங்க.

கம்பளை_வர்த்தகர்:
அப்படிச் சொன்னா போயிடுவாங்க.

கொட்டகலை_அக்கா:
போகலாம். அதை மறைச்சு எடுத்தா மூணாவது மாசத்துல தெரிஞ்சு போவாங்க. அப்ப உங்க இரண்டாவது ஆளும் இருக்கமாட்டார்.

ஹட்டன்_மென்பொருள்:
கண்டியில எனக்குத் தெரிஞ்ச அண்ணே ஒருத்தர் இருக்கார், பெரிய கம்பெனியில ஆர்கிடெக்ட். இன்னைக்கு ராத்திரி கூப்பிட்டுக் கேக்கிறேன். சிங்கப்பூர் தொகை வந்ததும் இங்க எழுதுறேன்.