உதவி: பேரேடு இல்லாத பலசரக்குக் கடைக்கு வருட லாபம் எடுக்கிறது எப்பிடி?

உப்புவெளியான்
அவசரம். அண்ணாவின்ர கடை, கணக்குப் புத்தகம் ஒண்டும் இல்லை. கடன் கொப்பி மட்டும் இருக்கு. வங்கியில ஒரு வருட லாபம் கேக்கினம். 31.03.2024 இல கடையின்ர மூலதனம் 1,200,000. 31.03.2025 இல சொத்து 1,820,000, கொடுக்கவேண்டியது 390,000, மிச்சம் 1,430,000. அப்ப லாபம் 230,000 தானே? ஆனா முழு வீடும் இந்தக் கடையிலதான் ஓடுது. அதான் குழப்பம்.

நிலாவெளி
வீட்டுக்கு எடுத்தது எவ்வளவு? வெளிக்காசு ஏதும் கடைக்குள்ள வந்ததோ? ரெண்டும் இல்லாமல் 230,000 எண்டது மூலதனம் கூடின அளவு மட்டும்தான்.

கணக்குப்பிள்ளை
தம்பி, இது சாதாரண தரத்துப் பிள்ளைக்கே தெரியவேண்டிய விஷயம். இறுதி மூலதனத்தோட எடுப்பனவைக் கூட்டி, புதுசாப் போட்ட காசைக் கழிச்சு, ஆரம்ப மூலதனத்தையும் கழிக்கோணும். கேள்வி கேக்க முதல் விவரத்தை ஒழுங்காப் போடப் பழகும்.

கிண்ணியா வியாபாரி
தினசரி விற்பனையைக் காசுப் புத்தகத்தில எழுதி, பரீட்சை மீதி போட்டுப் பாருங்கோ. சமப்பட்டா லாபம் தன்ரபாட்டில வரும்.

நிலாவெளி
நானா, எழுதாத வருசத்துக்கு இப்ப காசுப் புத்தகம் எழுத ஏலாது. ரெண்டு திகதியில கடையின்ர நிலைமையை எடுத்து ஒப்பிடுறதுதான் இஞ்ச வழி.

உப்புவெளியான்
மாசம் 40,000 காசு எடுக்கிறவர். வீட்டுச் சாமானும் கடையில இருந்துதான், வாங்கின விலைக்கு மாசம் ஒரு 10,000 வரும். நடுவில அண்ணியின்ர நகையை அடகு வைச்சு 300,000 போட்டவர். 1,820,000 இல இருப்பு 1,140,000, கடன் கொப்பி 260,000, காசும் வங்கியும் 120,000, குளிர்சாதனப் பெட்டி, றாக்கை 300,000.

நிலாவெளி
இருப்பு 1,140,000 என்ன விலையில?

உப்புவெளியான்
விக்கிற விலையில. அது எல்லாச் சாமானிலயும் ஒட்டியிருந்தது. அந்த 1,200,000 இல இருந்த போன வருசத்து இருப்பு 820,000, அது அண்ணா வாங்கின விலையில சொன்னது.

மூதூர் மச்சான்
அங்கதான் பிழை. அண்ணா எவ்வளவு வைச்சு விக்கிறார், 20 வீதமோ? அப்ப 20 வீதத்தைக் கழியும், 912,000.

நிலாவெளி
பிழையைச் சரியாப் பிடிச்சீங்க, கணக்குத்தான் பிசகு. 100 க்கு வாங்கி 120 க்கு விக்கிறவர் எண்டா 1.2 ஆல வகுக்கோணும். 950,000 வரும். 912,000 போட்டா லாபத்தில 38,000 காணாமல் போகும். அரிசி, சீனியில லாபம் குறைவு, பிஸ்கட்டில கூட. ஏலுமெண்டா வகைவகையாப் பிரிச்சு வகுங்கோ. கடன் கொப்பியில வராத காசு எவ்வளவு?

உப்புவெளியான்
20 வீதம்தான். ஊரை விட்டுப் போன ரெண்டு பேரின்ர 40,000 வராது.

நிலாவெளி
சரி. கடன்பட்டோர் 220,000. பெட்டி, றாக்கைக்கு 10 வீதம் தேய்வு போட்டா 270,000. இப்ப சொத்து:

```
950,000 + 220,000 + 120,000 + 270,000 = 1,560,000
1,560,000 - 390,000                   = 1,170,000
1,170,000 + 600,000 - 300,000 - 1,200,000 = 270,000
```

600,000 எண்டது ஒரு வருசத்துக்குக் காசு 480,000, சாமான் 120,000. பாருங்கோ, மூலதனம் 30,000 குறைஞ்சிருக்கு, ஆனா கடை 270,000 உழைச்சிருக்கு. நீங்க சொன்ன 230,000 க்குக் கிட்ட வந்தது தற்செயல். ஒரு பிழை மற்றதை மறைச்சிருக்கு.

கணக்குப்பிள்ளை
நகைக் காசை ஏன் மூலதனம் எண்டு எடுக்கிறீர்? அடகு எண்டா கடன். பொறுப்பில போடோணும்.

மூதூர் மச்சான்
நகை அண்ணியின்ர. கடைக்கும் அடகுக்கும் என்ன சம்பந்தம்?

கணக்குப்பிள்ளை
காசு கடைக்கு வந்தது, அதுதான் சம்பந்தம்.

நிலாவெளி
எந்தப் பக்கம் போட்டாலும் 300,000 ஒருக்கா மட்டும் கழிபடோணும். பொறுப்பிலயும் போட்டு, புது மூலதனம் எண்டும் கழிச்சா லாபம் நட்டமாகிடும். வித்தியாசம் வட்டியிலதான். வட்டியைக் கடைப் பெட்டியில இருந்து கட்டினவரோ?

உப்புவெளியான்
ஓம், 27,000. அந்த 40,000 இல சேராது.

நிலாவெளி
அப்ப கடையின்ர கடன் எண்டா வட்டி கடைச் செலவு, லாபம் 270,000 தான். வீட்டுக் கடன் எண்டா வட்டி எடுப்பனவில சேரும், லாபம் 297,000. கடன் உண்மையில யாருக்காக எண்டதை அண்ணா சொல்லோணும்.

எனக்கு இன்னும் உறுத்துறது அந்த 820,000. ஆரம்ப இருப்பைக் கூடச் சொன்னா அதே அளவு லாபம் குறையும். 2024 மார்ச் மாசத்துச் சிட்டைகளை முகவர்களிட்டக் கேட்டு எடுங்கோ. அந்த மாசம் வாங்கினது எவ்வளவு எண்டு பார்த்தா, 820,000 பொருந்துமோ எண்டாவது விளங்கும்.

கிண்ணியா வியாபாரி
மொத்த விற்பனை எவ்வளவு எண்டு வங்கி கேட்டா?

நிலாவெளி
இந்த முறையில விற்பனை வராது நானா, லாபம் மட்டும்தான். விற்பனைக்கு முகவர்ச் சிட்டை, வங்கிக் கூற்று எல்லாம் சேர்த்து வேற வேலை செய்யோணும்.

உப்புவெளியான்
ரெண்டு முகவரிட்ட சிட்டை கிடைச்சுது, மற்றவர் தேடிப் பாக்கிறன் எண்டார். நன்றி அண்ணை.