புதுப்பிப்பு: ஓஇடி பேச்சுத் தேர்வில் நோயை எளிய சொற்களில் விளக்குதல்

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி பற்றி முன்பு நான் கேட்டது: "நோயைச் சொன்னதும் ஆறுதல் சொல்ல வேண்டுமா, விளக்கி முடித்த பிறகா?"

சேலம் அஸ்தம்பட்டியில் கூடிப் பயிலும் எங்கள் குழுவில், இத்தேர்வில் ஏற்கெனவே தேறிய மூத்த மருத்துவர் ஒருவர் நோயாளியாக அமர்ந்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு உள்ள நோயாளியின் பாத்திரக் குறிப்பு அட்டையை எடுத்துக்கொண்டார். "இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காததால் அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்விடக்கூடும்" என்று நான் சொன்னவுடன், "எங்க அம்மா பக்கவாதத்துலதாங்க போனாங்க" என்றார். நோயாளியின் அட்டையில் இருப்பது நமக்குத் தெரியாது என்பதால், அந்த இடத்தில் மருந்துப் பேச்சை நிறுத்தி, "அம்மாவை அப்படி இழந்த உங்களுக்கு இது பயமாகத்தான் இருக்கும், உறைவதைக் குறைக்க மாத்திரை இருக்கிறது, சொல்லட்டுமா?" என்று கேட்க வேண்டும் என்றார் அவர்.

ஆறுதல் வாக்கியங்களை மனப்பாடம் செய்தால் போதும் என்கிறார் தோழி ஒருவர். தயக்கம் தீர அது உதவும். ஆனால் "உங்கள் நிலை புரிகிறது" என்பதையே மூன்று முறை சொன்னால், நாம் காதுகொடுத்துக் கேட்கவில்லை என்பது வெளிப்பட்டுவிடும். ஏற்காட்டு நண்பர் தம் ஜெர்மன் தேர்வு அனுபவத்தை எழுதியிருந்தார். அதில் சக மருத்துவரிடம் கலைச்சொற்களில் பேசும் பகுதியும் உண்டு என்பதால், அது இங்கே முழுதும் பொருந்தாது.

நோயாளி அழுதால், ஏறத்தாழ ஐந்தே நிமிட உரையாடலில் எவ்வளவு நேரம் மௌனமாகக் காத்திருக்கலாம் என்பதில் எங்களுக்குள் இன்னும் கருத்தொற்றுமை இல்லை.