புதுப்பிப்பு: மனைவிக்கான மணநாள் வாசனைத் திரவியம் வாங்கியாயிற்று

என் பழைய கேள்வி: "மணநாள் வருகிறது. மனைவிக்குப் பெர்ஃப்யூம் வாங்க வேண்டும். அவளுக்கு எது பிடிக்கும் என்று தெரியாது. கேட்டால் ரகசியம் உடைந்துவிடும். எப்படித் தேர்ந்தெடுப்பது?"

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. கைகொடுத்தது, "அவர் எதைத் தவிர்க்கிறார் என்று முதலில் பாருங்கள்" என்ற கடைக்கார நண்பரின் யோசனை. கவனித்தேன். ரோஜா ஊதுவத்தி ஏற்றினால் ஜன்னலைத் திறக்கிறாள். வெனிலா வாசனை க்ரீம் பிரித்தபடியே கிடக்கிறது. ஆனால் பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போடுவதும், துணி அலமாரியில் அதையே வைப்பதும் அவள்தான்.

தினமும் மல்லிகை சூடுபவருக்கு மல்லிகை பெர்ஃப்யூம்தான் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். பூ பிடிக்கும் என்பது சரி. ஆனால் நான் முகர்ந்தவை பூவை விடக் கனமாக, சற்று இனிப்பாக இருந்தன. ஒற்றைத் தலைவலி உள்ள இன்னொருவர் எல்லாப் பெர்ஃப்யூமையும் விலக்கச் சொன்னார். அது அவருடைய பிரச்சினை, அவளுடையது அல்ல.

வெட்டிவேரும் எலுமிச்சையும் கலந்த 2 மி.லி. மாதிரிக் குப்பியை வாங்கி, அட்டையில் அல்லாமல் என் மணிக்கட்டில் தடவி, அரை மணி நேரம் பொறுத்தேன். எலுமிச்சை மங்கியபின் வேர் வாசனை நின்றது. உடனே 50 மி.லி. வாங்கினேன்.

அவளுக்குப் பிடித்திருக்கிறது. எதிர்பாராதது, என் கையில் மாலைவரை நின்ற வாசனை அவள் கையில் மதியத்துக்குள் போய்விடுகிறது. பருத்திப் புடவையில் நன்றாக நிற்கிறது. பட்டில் கறை படியலாம் என்பதால் அடிப்பதில்லை. தோலில் நீடிக்க வைக்க வழி தெரிந்தவர் எழுதுங்கள்.