விலை ஏறுகிறது, ஓப்பன் இன்ட்ரஸ்ட் இறங்குகிறது, லாங்கை வைத்திருக்கலாமா?

மும்பை செம்பூரிலிருந்து எழுதுகிறேன், ஃப்யூச்சர்ஸ் தெரிந்தவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். நான் லாங் எடுத்திருக்கும் பங்கு நேற்று 3 சதவீதம் ஏறியது, வால்யூமும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு, ஆனால் இந்த மாத ஓப்பன் இன்ட்ரஸ்ட் 120 லட்சத்திலிருந்து 90 லட்சமாக இறங்கிவிட்டது. எக்ஸ்பைரிக்கு நாலே நாள், அதனால் ரோல்ஓவர்தான் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் அடுத்த மாதத்தைப் பார்த்தால் அங்கே 20 லட்சம் 32 லட்சமாகத்தான் கூடியிருக்கிறது. 30 போய் 12 வந்தால், மீதி 18 லட்சம் மூடப்பட்டதுதானே? புதிதாக ஆட்கள் வாங்கி ஏற்றியிருந்தால் மொத்தம் கூடியிருக்க வேண்டும், இது ஷார்ட் போட்டவர்கள் பதறி வாங்கி மூடியதால் வந்த ஏற்றம் என்றே எனக்குப் படுகிறது. அவர்கள் வாங்கி முடித்ததும் விலை தாங்குமா என்பதுதான் கவலை. மொத்தம் மறுபடி கூடுகிறதா என்று இரண்டு நாள் பார்ப்பதா, இரண்டு லாட்டில் ஒன்றை இப்போதே விற்பதா?