மேசை மேல் அறிக்கை: மஸ்டா, ஷுட்டா?

அரைப்புள்ளி:
கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சி தயாரிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'மஸ்ட் ஹேவ் பீன் சென்ட்' என்றாலும் 'ஷுட் ஹேவ் பீன் சென்ட்' என்றாலும் தமிழில் 'அனுப்பப்பட்டிருக்க வேண்டும்' தானே? பொருள் ஒன்று என்றால் மதிப்பெண்ணும் ஒன்றாக இருக்கட்டும். கீழே உள்ள இரண்டிலும் நான் மாற்றி எழுதினேன், இரண்டுக்கும் சுழி. இது வீம்பு.

```
1. The report is still on the table. It ______ (send) on Monday.
2. The report is not on the table. It ______ (send) on Monday.
```

சிவப்பு மை:
ஒரே தொடர் இரண்டு வேலை பார்ப்பது தமிழின் சிக்கனம். அதற்காக ஆங்கிலமும் சிக்கனமாக இருக்க வேண்டும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

முதல் வரியைப் பாருங்கள். அறிக்கை மேசை மேலேயே கிடக்கிறது, அதாவது போகவில்லை. அங்கே மஸ்ட் போட்டால் 'நிச்சயம் போயிருக்கும்' என்று ஆகிவிடும். கண்ணெதிரே கிடக்கும் பொருளைப் போய்விட்டது என்று சொல்கிறீர்கள். ஷுட் போட்டால்தான் 'போயிருக்க வேண்டியது, போகவில்லை' என்ற குறை வரும். இரண்டாவதில் மேசை காலி. போயிருக்கும் என்று ஊகிக்கிறோம், ஆகவே மஸ்ட். ஒரு 'நாட்' வந்ததும் விடையே புரண்டுவிட்டது.

என் மாணவர்களுக்கு ஒரு சோதனை சொல்லித் தருவேன். கோட்டை நிரப்பியதும் பின்னால் 'ஆனால் நடக்கவில்லை' என்று சேர்த்துப் படி. ஒட்டினால் ஷுட். 'அதனால்தான் இப்படி இருக்கிறது' ஒட்டினால் மஸ்ட். இருபது வருடமாக இது பொய்த்ததில்லை.

அரைப்புள்ளி:
முதல் வரியை விடுங்கள், அது போகட்டும். இரண்டாவதில் ஷுட் ஏன் தவறு? அறிக்கையைக் காணோம். எனக்கு உறுதியாகத் தெரியாது. ஏற்பாட்டின்படி திங்களன்று போயிருக்கணும், அவ்வளவுதான் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஷுட் அந்த எதிர்பார்ப்புக்கும் வரும். இல்லை என்று சொல்லிவிடுங்கள் பார்ப்போம்.

சிவப்பு மை:
வரும். யார் இல்லை என்றார்கள்? ஆனால் எந்த ஏற்பாடு? வரியில் ஏற்பாடு எங்கே இருக்கிறது? காலி மேசை என்ற தடயம் மட்டும்தான் இருக்கிறது. தடயத்திலிருந்து முடிவுக்கு வந்தால் மஸ்ட். கோட்டுக்கு வெளியே நீங்களாக ஒரு கதை கட்டிக்கொண்டு அதற்கு மதிப்பெண் கேட்கக் கூடாது.

மூன்றாம் பெஞ்சு:
எனக்கும் இதே கொடுமை நடந்தது! ஒரு பயிற்சி மையத்தில் தேர்வு. ஷுட் தான் போட்டேன், ஹேவ் போட்டேன், பீன் போட்டேன், எல்லாம் சரி. ஆனாலும் முழுதாக அடித்துவிட்டார்கள். அப்படியே தருகிறேன்:

```
should have been send
```

சிவப்பு மை:
ஐயா, நாங்கள் பேசுவது வேறு. உங்கள் விடையில் கடைசி எழுத்து தவறு. பீனுக்குப் பிறகு வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம் வரும். அடைப்புக்குள் கொடுத்ததை அப்படியே பெயர்த்து எழுதினால் எப்படி?

மூன்றாம் பெஞ்சு:
ஒரு எழுத்துக்கு முழு மதிப்பெண்ணா? அநியாயம்.

நிரப்பாத கோடு:
நான் இப்படிப்பட்ட பயிற்சிகள் எழுதிப் பிழைக்கிறவள். அந்த ஒரு எழுத்தைச் சோதிக்கத்தான் பாதிக் கேள்விகளையும் வைக்கிறோம். நான்கு சொல் கோவையில் எந்த இடத்திலும் சறுக்கலாம். சிலர் இட் வந்ததும் ஹேவை ஹேஸ் ஆக்குவார்கள். முன்னால் ஷுட் இருந்தால் எழுவாய் எதுவானாலும் ஹேவ் ஹேவ்தான். சிலர் பீனை விட்டுவிடுவார்கள். அப்போது அறிக்கை தானே எதையோ அனுப்பியதாக ஆகிவிடும். பேச்சில் ஹேவ் தேய்ந்து 'அவ்' என்று மட்டும் கேட்பதால் அதை ஆஃப் என்று நினைத்து எழுதுகிறவர்களும் உண்டு. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள்கூட அப்படி எழுதுகிறார்கள்.

சரி, 2-ஆம் வரிக்கு வருகிறேன். சிவப்பு மை சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது மோசமான கேள்வி. ஒரே விடைதான் வேண்டும் என்றால் தடயத்தை இறுக்கியிருக்க வேண்டும். நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

```
The receipt is dated Monday, so the report ______ (send) that day.
```

ரசீதில் தேதி இருக்கிறது, நடுவில் 'ஸோ' இருக்கிறது. இங்கே ஷுட் நுழைய வழியில்லை.

அரைப்புள்ளி:
ஆ! மோசமான கேள்வி என்று கேள்வி எழுதுகிறவரே சொல்கிறார். எனக்கு மதிப்பெண் கிடைக்குமா?

சிவப்பு மை:
மோசமான கேள்வி என்றாலும் மோசமான விடை நல்ல விடை ஆகாது. போன மாதம் ஆர்டிகிள் விவாதத்திலும் நீங்கள் இதையேதான் செய்தீர்கள், அரைப்புள்ளி. தோற்றதும் கேள்வித்தாளைக் குறை சொன்னீர்கள்.

அரைப்புள்ளி:
அதில் தோற்றது யார் என்று எல்லாருக்கும் தெரியும். 2-ஆம் வரியில் ஷுட் ஏன் தவறு? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தூய நடை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சிக்கலின் வேர் 'அனுப்பப்பட்டிருக்க வேண்டும்' என்ற அந்தக் கொடூரமான தொடரிலேயே இருக்கிறது. இப்படி எந்தத் தமிழர் பேசுகிறார்? 'அப்பவே அனுப்பியிருக்கணும்' என்று ஆதங்கத்தோடு சொன்னால் குறை. 'திங்கக்கிழமையே அனுப்பியிருப்பாங்க' என்றால் ஊகம். பேச்சுத் தமிழ் இரண்டையும் அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்புக்காகச் செயப்பாட்டு வினையைத் திணித்து நீங்கள்தான் ஒன்றாக்கிவிட்டீர்கள்.

சிவப்பு மை:
பாதி சரி. 'மழை பெய்திருக்க வேண்டும், தரை ஈரமாக இருக்கிறது' என்று எழுதுகிறோமா இல்லையா? அதில் செயப்பாடு எங்கே? வேண்டும் என்ற சொல்லே இரண்டு பக்கமும் பேசும். ஆனால் 'அனுப்பியிருப்பாங்க' நல்ல உதாரணம். அதைச் சொல்லிக்கொடுத்தால் மஸ்ட் ஹேவ் சீக்கிரம் பிடிபடும்.

இருக்கலாம் என்பதும் இதே ரகம்தான், வேண்டும் என்பதைவிட மோசம். 'அவள் போயிருக்கலாம்' என்றால் ஒருவேளை போயிருப்பாள் என்றும் கொள்ளலாம், போகும் வாய்ப்பு இருந்தும் போகவில்லை என்றும் கொள்ளலாம். அதனால் மைட் ஹேவ் பீன் மிஸ்ட் வரும் இடத்தில் மாணவர்கள் மேயும் போடுகிறார்கள்:

```
3. The error is still in the book. It ______ (miss) by the checker.
4. The error ______ (miss) if she had not read the page twice.
```

மூன்றில் பிழை எப்படித் தங்கியது என்று நமக்குத் தெரியாது. சரிபார்த்தவர் கண்ணில் படாமல் போயிருக்கலாம், பார்த்தும் விட்டிருக்கலாம். மே, மைட் இரண்டும் சரி. நான்கில் அவள் இரண்டு முறை படித்துவிட்டாள், பிழை பிடிபட்டுவிட்டது. நடக்காமல் தப்பியதைச் சொல்கிறோம். அங்கே மைட் போடலாம், குட் போடலாம், அழுத்தமாகச் சொல்ல வுட் போடலாம். மே கூடாது.

அரைப்புள்ளி:
நாளிதழ்களில் நான்காவது மாதிரி வாக்கியத்தில் மே தாராளமாக வருகிறது. தினமும் படிக்கிறேன்.

சிவப்பு மை:
வருகிறது. படிக்கிறவர் ஒரு நொடி 'அப்படியென்றால் பிழை பிடிபட்டதா இல்லையா' என்று குழம்புவதும் நடக்கிறது. 'மே ஹேவ் பீன் கில்ட்' என்று படித்தால் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றே சந்தேகம் வரும். மைட் என்றால் தப்பித்தார் என்று கொள்ளவும் இடமுண்டு.

நிரப்பாத கோடு:
இதில் நான் சிவப்பு மை சார் பக்கம். ஆனால் மேயை இன்று எல்லா ஆசிரியர்களும் அடிப்பதில்லை. விடைத்தாளில் நான் மைட், குட், வுட் மூன்றும் தருவேன். மே எழுதியவருக்கு என்ன செய்வது என்பது எங்களுக்குள்ளேயே தீராத வழக்கு.

தேர்வு முடிந்தவன்:
இவ்வளவு எதற்கு? கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் மாதிரித் தேர்வில் வாக்கியத்தை மாற்றி எழுதும் பகுதியில் இரண்டு முதல் ஐந்து சொல்லுக்குள் அடக்க வேண்டும். நான் ஷுடன்ட் ஹேவ் பீன் சென்ட், அதற்குப் பின் இரண்டு சொல் எழுதினேன். மொத்தம் ஆறு என்று தள்ளிவிடுவார்களோ என்று பயந்து கடைசிச் சொல்லை வெட்டி ஐந்தாக்கினேன். தப்பித்தேன்.

சிவப்பு மை:
தப்பிக்கவில்லை. சுருக்கி எழுதினாலும் விரித்துத்தான் எண்ணுவார்கள். ஷுடன்ட் இரண்டு சொல். ஷுட், நாட், ஹேவ், பீன், சென்ட். ஐந்து அங்கேயே தீர்ந்தது. நீங்கள் வெட்டிய பிறகும் ஆறு.

தேர்வு முடிந்தவன்:
கான்ட் ஒரு சொல் என்றுதானே எண்ணுகிறார்கள்? அப்புறம் இது எப்படி இரண்டு?

சிவப்பு மை:
கேனாட் என்பதைச் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவதால் கான்ட் ஒன்று. ஷுட் நாட் பிரித்து எழுதப்படுகிறது, ஆகவே இரண்டு. தேர்வு முடிந்தவன் என்று பெயர் வைத்தால் போதுமா, தம்பி?

தேர்வு முடிந்தவன்:
தம்பியா? உங்களைவிட மூத்தவனாக இருப்பேன்.

தூய நடை:
'இருப்பேன்'. பாருங்கள், ஊகம்! மஸ்ட் இல்லாமலே ஊகம். இதைத்தான் நான் சொன்னேன்.

சிவப்பு மை:
இதெல்லாம் கிளைக் கதை. மூலத்துக்கு வாருங்கள். 1-ல் ஷுட், 2-ல் மஸ்ட். நான்கு பேர் நான்கு பக்கம் இழுத்தாலும் விடை மாறாது.

நிரப்பாத கோடு:
சார், உங்கள் சோதனையையே 2-ஆம் வரியில் போட்டுப் பார்த்தேன். 'அறிக்கை மேசையில் இல்லை. திங்களன்று அனுப்பியிருக்க வேண்டியது, ஆனால் நடக்கவில்லை.' யாரோ மேசையிலிருந்து எடுத்து அலமாரியில் போட்டுவிட்டு அனுப்ப மறந்துவிட்டார்கள் என்றால் கச்சிதமாக ஒட்டுகிறதே? உங்கள் கணக்குப்படியே ஷுட் வருகிறது.

சிவப்பு மை:
அலமாரி வரியில் இல்லை.

அரைப்புள்ளி:
ரசீதும் வரியில் இல்லை, தபால்காரரும் வரியில் இல்லை. போய்விட்டது என்று நீங்கள் மட்டும் கதை கட்டலாமா?

சிவப்பு மை:
காலி மேசை வரியில் இருக்கிறது. அது போதும். எட்டு முறை சொல்லிவிட்டேன்.

அரைப்புள்ளி:
எட்டு முறையும் 'வரியில் இல்லை' என்றுதான் சொன்னீர்கள். ஷுட் ஏன் தவறு என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

மூன்றாம் பெஞ்சு:
நடுவில் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். கடைசி எழுத்துக்காவது பாதி மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும் இல்லையா? இது ஷுட்டா, மஸ்டா?