அட்லஸில் சேர்த்த பிறகும் டிரா கால் குறையவில்லை, உதவுங்கள்

யூனிட்டியில் ஒரு 2டி கேம் செய்கிறேன். திரையில் சுமார் 300 ஸ்பிரைட்டுகள், எல்லாம் தனித்தனிப் படங்கள். டிரா கால் 210 வரை போனது. சரி என்று மரங்களை ஓர் அட்லஸிலும் கதாபாத்திரங்களை இன்னொன்றிலும் அடுக்கினேன். 140-க்குத்தான் இறங்கியது.

ஃபிரேம் டீபக்கரில் காரணம் தெரிந்தது. மேலே இருப்பது முதலில், கீழே இருப்பது பிறகு என்று வரைவதால் மரம், ஆள், மரம், ஆள் என மாறி மாறி வருகிறது. டெக்ஸ்சர் மாறும் ஒவ்வொரு முறையும் பேட்ச் முறிகிறது.

இரண்டையும் ஒரே அட்லஸில் போட்டால் 2048-இல் அடங்கவில்லை. 4096 என்றால், சுருக்காமல் விட்டால் 64 எம்பி. பழைய போன்கள் தாங்குமா என்று பயமாக இருக்கிறது. காட்சிவாரியாக அட்லஸ் பிரிக்கலாமா? அப்படியானால் எல்லாக் காட்சியிலும் வரும் நாயகனை ஒவ்வொன்றிலும் நகல் வைப்பதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.