ஷார்ட் சர்வுக்கு பனானா ஃபிளிக்: உங்கள் கை எப்போது வழிக்கு வந்தது?

சனிக்கிழமை ஆட்டக்காரன்

எங்கள் டேபிள் டென்னிஸ் கிளப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். நெட்டை ஒட்டி, மேசையின் நடுவில், அடங்கி உட்காருகிற மாதிரி ஒரு பேக்ஸ்பின் சர்வ் போடுவார். புஷ் பண்ணினால் அடுத்த பந்தை லூப் அடித்து முடித்துவிடுவார். இரண்டு வருடம் இப்படியே அடிவாங்கிய பிறகுதான், ஷார்ட் சர்வை மேசைக்கு மேலேயே பேக்ஹேண்டில் சுண்டித் திருப்புகிற பனானா ஃபிளிக் கற்க உட்கார்ந்தேன். முதல் இரண்டு மாதம் பத்துக்கு ஆறு நெட்டில், மீதியில் பாதி மேசையைத் தாண்டி.

ஒரு நாள் பையனை விட்டு ஃபோனில் ஸ்லோமோஷன் எடுக்கச் சொன்னேன், நொடிக்கு 240 ஃபிரேம். குதித்து 15 செ.மீ. எழும்புகிற பந்து உச்சிக்குப் போக நாற்பது ஃபிரேம் சொச்சம் ஆகிறது, அதாவது 0.17 நொடி. நான் என்ன செய்திருக்கிறேன் என்றால், பந்து உச்சிக்கு வர இன்னும் பத்துப் பன்னிரண்டு ஃபிரேம் இருக்கும்போதே மணிக்கட்டை விரித்து முடித்துவிட்டேன். பந்தைத் தொடும்போது பேட் வெறுமனே கையோடு சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறது, சுழற்ற ஒன்றும் பாக்கியில்லை. அவசரம்தான், வேறொன்றுமில்லை.

உங்களுக்கு எங்கே சிக்கியது, எப்படி விடுபட்டது, சொல்லுங்கள்.

ரப்பர் பைத்தியம்

மணிக்கட்டுதான் எல்லாம் நண்பா. நான் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு தினமும் ஐம்பது தடவை மணிக்கட்டை ஆட்டினேன், மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. பேக்ஸ்பின் பந்தென்றால் பேட்டை நன்றாக மூடி வேகமாகச் சுண்ட வேண்டும். ஒட்டுகிற ரப்பராக இருந்தால் இன்னும் நல்லது.

பழைய கோச்

பாட்டில் பயிற்சி கெடுதல் இல்லை தம்பி, ஆனால் மணிக்கட்டு கடைசி ஆள். அது முதலில் ஓடினால் எழுதியவருக்கு நடந்ததுதான் நடக்கும். பேட்டை நன்றாக மூடிக்கொண்டு கனமான பேக்ஸ்பின்னைச் சுண்டினால் பந்து நேராக நெட்டுக்குப் போகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வலது கைக்காரருக்குச் சொல்கிறேன். சர்வ் ஷார்ட் என்று தெரிந்தவுடன் வலது கால் மேசைக்கு அடியில் போக வேண்டும், பந்து நடுவில் வந்தாலும் சரி, ஃபோர்ஹேண்ட் பக்கம் வந்தாலும் சரி. முழங்கையைத் தூக்கி முன்னால் வை. பேட்டின் நுனி கீழே இறங்கி உன் வயிற்றைப் பார்க்கட்டும், மணிக்கட்டு உள்ளே மடங்கியிருக்கும். முழங்கை அந்த உயரத்திலேயே கிட்டத்தட்ட நின்றுகொள்ள, முன்கை கிளம்பி, ஸ்க்ரூவை இறுக்குகிற திசையில் திருகிக்கொண்டே முன்னாலும் மேலேயும் போகும். அந்தத் திருகல் பாதி வந்த பிறகு, பேட் பந்தை நெருங்கும்போது, மணிக்கட்டு அவிழ வேண்டும். முன்கை கொடுத்த வேகத்தின் மேல் மணிக்கட்டின் வேகம் ஏறி உட்காருகிறது, இரண்டும் கூடுகிற அந்தக் கணத்தில், பந்து உச்சியில் இருக்க, நுனிப்பக்கம் பந்தை உரசினால் டாப்ஸ்பின். பிடி அதுவரை தளர்ச்சியாகவே இருக்கட்டும். ஆரம்பத்திலிருந்தே இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு அவிழாது, தோளிலிருந்து தள்ளுவாய்.

இப்போது நெட் விஷயம். பேக்ஸ்பின் பந்து சுழல்கிற அச்சு இடமும் வலமுமாகப் படுத்திருக்கும், சைக்கிள் சக்கரத்துக்கு நடுவே போகிற கம்பி மாதிரி. சக்கரத்தின் விளிம்பைத் தொட்டால் விரலை இழுக்கும், நடுக்கம்பிக்குப் பக்கத்தில் தொட்டால் அவ்வளவு இழுக்காது. பந்தும் அப்படியே. நேர் பின்னால் தொட்டால் அவன் போட்ட சுழற்சி முழுவதும் உன் ரப்பரைப் பிடித்துப் பந்தைக் கீழே இழுக்கும். கொஞ்சம் இடது பக்கமாகத் தொட்டால் அந்த இழுப்பு குறையும். ஃபிளிக்கில் பக்கச்சுழற்சி சேர்ந்து பந்து வளைவதும் அங்கே தொடுவதால்தான், வாழைப்பழப் பெயரும் அதனால்தான். செக் நாட்டு பெட்ர் கோர்பெல் 90களிலேயே இதை அடித்தார், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தவர். ஆனால் எதிராளிகளுக்கு ஷார்ட் சர்வ் போடவே யோசனை வரவைத்தது சாங் ஜிகே, 2011 உலகச் சாம்பியன், 2012 லண்டன் தங்கம்.

நீள முள் நாராயணன்

ஷார்ட் சர்வ் எப்படிப் போடுவது என்றுதானே கேட்கிறீர்கள்? என் அனுபவம் சொல்கிறேன். எனக்கு ஃபிளிக் அடிக்கிற பையன்களைக் கண்டாலே எரிச்சல். அதே பேக்ஸ்பின் ஆக்‌ஷனில் சுழற்சியே இல்லாத பந்து ஒன்று போடுவேன். பையன் கனமான பந்து என்று நினைத்து மேலே தூக்குவான், ஓரடி வெளியே போகும். இரண்டு தடவை அப்படிப் போனால் மூன்றாவது தடவை கை நடுங்கி புஷ் பண்ணிவிடுவான். அதுவும் சரிப்படவில்லையென்றால் ஷார்ட் மாதிரி காட்டிவிட்டு பேக்ஹேண்ட் மூலைக்கு நீளமாக ஒன்று, அவன் மேசைக்கு மேல் கவிழ்ந்திருப்பான்.

சனிக்கிழமை ஆட்டக்காரன்

ஐயா, நான் கேட்டது எடுப்பது பற்றி. ஆனாலும் நீங்கள் சொன்னதில் என் இன்னொரு பாதி வியாதிக்கு விடை இருக்கிறது. மேசையைத் தாண்டிப் போனதெல்லாம் அநேகமாக அந்த வெறும் பந்துகள்தான்.

கோச் சார், நீங்கள் சொன்ன வரிசையை இந்த வாரம் பார்த்தேன். பையனை இருபது பேக்ஸ்பின் ஷார்ட் சர்வ் போடச் சொல்லி, பந்து மேசையில் விழ வேண்டும் என்ற நினைப்பையே விட்டுவிட்டு உரசுவதை மட்டும் பார்த்தேன். முதல் பத்தில் பாதி பக்கத்து மேசைக்குப் போனது, அங்கே ஆடியவர்கள் முறைத்தார்கள். ஆனால் சத்தம் மாறியது. முன்பு ‘டக்’ என்று மரம் கேட்கும், இப்போது நன்றாகப் பட்டால் ‘சர்க்’ என்று மெல்லிய சத்தம்தான், பந்து அந்தப் பக்கம் விழுந்ததும் முன்னால் பாய்கிறது. ஒன்று கவனித்தேன்: முழங்கை இறங்கிய பந்துகள் எல்லாமே ‘டக்’.

சனிக்கிழமை பெரியவரிடம் ஆடினேன். நான்காவது செட், 9-9. அதே நடு சர்வ். கால் போனது, முழங்கை நின்றது, அவருடைய பேக்ஹேண்ட் பக்கம் வளைந்து போனது, அவர் பிளாக் பண்ணினார், வெளியே. 10-9. அடுத்த சர்வும் அவர் கையில். தோற்றது என்னவோ நான்தான், 12-10, ஏனென்றால் டியூஸில் நான் ஃபிளிக் அடித்த பந்தை அவர் அமைதியாக என் ஃபோர்ஹேண்ட் மூலைக்குத் திருப்பினார், என் வலது கால் இன்னும் மேசைக்கு அடியில்.

இடதுகை

உச்சியில் தொட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறீர்கள், எனக்கு ஒத்துவரவில்லை. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் எடுத்தால்தான் எதிராளிக்கு நேரம் குறைகிறது, எனக்கும் கால் திரும்ப நேரம் கிடைக்கிறது.

பழைய கோச்

அடிக்கத் தெரிந்தவன் சொல்கிறாய். எழும்புகிற பந்தில் கை கொஞ்சம் பிசகினாலும் போச்சு. கற்கிறவன் உச்சியிலேயே எடுக்கட்டும். உச்சி தாண்டி இறங்கும் பந்தை மட்டும் யாரும் எடுக்க வேண்டாம், நெட்டுக்குக் கீழே போனதைத் தூக்கத்தான் முடியும், அடிக்க முடியாது.

இடதுகை

மூன்று வருடமாக முன்னால்தான் எடுக்கிறேன் சார். பிசகுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மாற்றப்போவதில்லை.

ரப்பர் பைத்தியம்

சரி, நான் மணிக்கட்டைக் கடைசியில் விட்டுப் பார்க்கிறேன். முழங்கையைத் தூக்கியே வைத்திருந்தால் தோள் வலிக்கிறதே, அது எனக்கு மட்டும்தானா?

பழைய கோச்

தூக்கியே வைத்திருக்கச் சொன்னது யார்? சர்வ் ஷார்ட் என்று தெரிந்த பிறகு தூக்கு.